ஒன்பது முறை அழுத்திய பொத்தான்: ஒரு படபடப்பு நிகழ்வு ஆய்வு

மஞ்சள் பையிலிருந்து டீச்சர் ஒருவர் எடுத்து மேசைமேல் பரப்பியவை ஐந்து ஈசிஜி, ஓர் எக்கோ ரிப்போர்ட், நாள் முழுக்க உடம்பில் மாட்டித் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் மெஷினின் ரிப்போர்ட் ஒன்று. எல்லாவற்றிலும் கீழே 'நார்மல்' என்று எழுதியிருந்தது. ஐந்தாவது ஈசிஜியில் மட்டும் எதுவும் தெரியவில்லை. கண்ணாடித்தாளுக்குள் ஒரே கறுப்பு.

"பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணக் கொடுத்தேன் டாக்டர். மெஷினுக்குள்ள போய் இப்படி வந்துச்சு. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஈசிஜித் தாள் சூடு பட்டால் கறுக்கும் தாள். அந்தக் கோடே சூட்டால்தான் வரையப்படுகிறது. லேமினேஷன் மெஷினுக்குள் விட்டால் முழுத்தாளும் கறுத்துப்போகும். வெயில் படும் இடத்தில் வைத்தால் சில மாதங்களில் மங்கியும் போகும். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்தோ போனில் படம் பிடித்தோ வைப்பதுதான் வழி. இதைச் சொன்னதும் அவர் கணவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

வயது 36. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. மூன்று மாதமாகப் படபடப்பு. (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.) ஒவ்வொரு முறை 'நார்மல்' என்று சொல்லும்போதும் மூன்று நாள் நிம்மதியாக இருப்பாராம். நான்காம் நாள் ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளும். மறுபடி ஈசிஜி எடுக்கத் தோன்றும்.

நார்மல் என்ற சொல் ஏன் அவருக்கு மூன்று நாளைக்கு மேல் தாங்கவில்லை என்பதற்காகத்தான் இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

மேசையில் தட்டிக் காட்டச் சொன்னேன்

படபடப்பு என்று வருபவர்களிடம் நான் முதலில் செய்வது, அந்தத் துடிப்பை மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்வது. 'படபடன்னு வருது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். தட்டும்போது அவை பிரிந்துவிடும்.

டீச்சர் பேனாவை எடுத்து, தாளம் தவறாமல் தட்டினார். தட், தட், தட், உடனே ஒட்டினாற்போல் ஒரு சின்னத் தட், பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஓங்கி ஒரு தட். "இந்தக் கடைசித் தட்டுதான் டாக்டர் பயமா இருக்கு. நடுவுல நின்னே போயிட்ட மாதிரி இருக்கும்."

"வேற மாதிரி ஏதாவது வருமா?"

இரண்டாவதையும் தட்டிக் காட்டினார். மெல்லக் கூடி வேகமாகி, சில நிமிடம் ஓடி, மெல்லக் குறைவது. வகுப்பில் தொடர்ந்து இரண்டு பீரியட் நின்றபின், மாடிப்படி ஏறியபின், அல்லது ராத்திரி மீன் துள்ளிப் பயந்த பிறகு வருவது.

இரண்டையும் கேட்டதுமே எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனால் சில கேள்விகளைக் கேட்காமல் விட முடியாது. எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? ஓடும்போதோ வேலை செய்யும்போதோ கண் இருட்டியதா? வீட்டில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் கதை வேறு திசையில் போகும். அவரிடம் எல்லாவற்றுக்கும் 'இல்லை'தான். பெரியப்பா ஒருவர் தூக்கத்தில் இறந்திருக்கிறார். ஆனால் அவருக்கு வயது 61, இருபது வருடச் சர்க்கரை, நாளுக்கு ஒரு கட்டு பீடி. அது இந்தக் கேள்விக்கான பதில் அல்ல. அதையும் அவருக்கு விளக்கிச் சொன்னேன், ஏனென்றால் அந்தப் பெரியப்பா அவர் மனதில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

மாதவிலக்கு அதிகமாகப் போவதாகச் சொன்னார். கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன், வெளுப்பு. அதைக் குறித்துக்கொண்டேன்.

பத்து விநாடி

பழைய ஈசிஜிகள் ஐந்து இருந்தும் ஆறாவது ஒன்றை என் கிளினிக்கிலேயே எடுத்தேன். எடுக்கும்போதே விளக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

பலருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு, ஷாக் அடிக்குமோ என்று. ஈசிஜி மெஷின் உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. இதயம் தானே உண்டாக்கும் மின்சாரம் தோல்வரை வந்து சேர்வதை வாங்கிப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். கை, கால்களில் நான்கு கிளிப். நெஞ்சில் ஆறு இடங்களில் ஜெல்லி தடவி ரப்பர் குமிழ். மொத்தம் பத்து தொடுப்புகளிலிருந்து பன்னிரண்டு கோணங்கள் வரும். ஜெல்லி சில்லென்றிருக்கும். மேல்சட்டையைத் தளர்த்த வேண்டியிருக்கும் என்பதால் பெண்கள் முன்னால் திறக்கும் சட்டையோ ரவிக்கையோ போட்டு வந்தால் சங்கடம் குறையும். பெண் டெக்னீஷியன் வேண்டுமென்று கேட்பதில் தப்பே இல்லை. ஏசி குளிரில் உடம்பு நடுங்கினால் கோடும் நடுங்கும். எங்கள் சிஸ்டர் அதனால் முதலில் ஃபேனைக் குறைத்துவிட்டுத்தான் மெஷினை ஆன் செய்வார். படுத்து எழுந்திருக்க ஐந்து நிமிடம். பதிவாவதோ பத்து விநாடி.

அந்தப் பத்து விநாடித் தாளை அவர் முன்னால் விரித்து விரலால் காட்டினேன். மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போக எடுத்த நேரம் 150 மில்லி விநாடி. 120க்கும் 200க்கும் நடுவே இருக்க வேண்டும், இருக்கிறது. பிறவியிலேயே கூடுதல் மின்பாதை ஒன்று இருந்தால் பெரிய அலையின் தொடக்கத்தில் ஒரு சரிவு தெரியும், டெல்டா அலை என்பார்கள். இல்லை. அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராக எடுக்கும் நேரம், க்யூடிசி, 425. பெண்களுக்கு 460 தாண்டினால் யோசிப்போம். பழைய மாரடைப்பின் தழும்பு இல்லை. சுவர் தடித்த அடையாளம் இல்லை.

"அப்போ நார்மல்தானே? இதைத்தான் அஞ்சு தடவை சொன்னாங்க."

"நார்மல்தான் டீச்சர். ஆனா இப்ப இந்தப் பத்து விநாடியில மீன் துள்ளுச்சா?"

"இல்ல."

"அப்போ மீனைப் பத்தி இந்தத் தாளுக்கு எதுவும் தெரியாது."

ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் பத்து விநாடி பஸ் ஸ்டாண்டை எட்டிப் பார்த்துவிட்டு, மன்னார்குடி பஸ்ஸே வருவதில்லை என்று சொல்ல முடியாது. ஸ்டாண்டு நன்றாக இருக்கிறது, ரோடு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். அது சின்ன விஷயம் அல்ல. ஆபத்தான மின்கோளாறுகளில் பலவும் சும்மா இருக்கும்போதே ஈசிஜியில் ஏதாவது அடையாளத்தை விட்டுவைக்கும். அவை இல்லை என்பது பெரிய செய்தி. ஆனால் அவர் கேட்ட கேள்வி அது அல்ல. 'ராத்திரி துள்ளுதே, அது என்ன?' என்பதுதான் கேள்வி. ஐந்து ஈசிஜியும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தன.

முதல் ஹோல்டரின் நான்காம் பக்கம்

'அதான் ஹோல்டரும் போட்டாச்சே' என்றார் கணவர். இரண்டு மாதத்துக்கு முன் வேறோர் இடத்தில் 24 மணி நேரம் மாட்டியிருந்தார்கள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவது சுலபம். நான் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.

பதிவான நேரம் 23 மணி 40 நிமிடம். அலசத் தகுந்தது 17 மணி. ராத்திரி ஏதோ ஒரு ஸ்டிக்கர் கழன்றிருக்கிறது. படபடப்பு வந்தால் அழுத்த வேண்டிய பொத்தானை நோயாளி அழுத்தியது: பூஜ்யம். கூடக் கொடுத்த குறிப்புத்தாள்: வெற்று.

"அன்னிக்கு ஒரு தடவைகூட வரலையா?"

"லீவு போட்டுட்டு வீட்டுல படுத்திருந்தேன் டாக்டர். வேர்க்கக் கூடாது, அலையக் கூடாதுன்னு சொன்னாங்க. துள்ளவே இல்ல."

ஹோல்டர் மாட்டும்போது இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குளிக்கக் கூடாது, மெஷினில் தண்ணீர் படக் கூடாது என்பதை யாரோ 'ஓய்வாக இருங்கள்' என்று மாற்றிச் சொல்லிவிடுவார்கள். எந்தச் சூழ்நிலையில் படபடப்பு வருமோ அந்தச் சூழ்நிலையில்தான் மெஷின் கூட இருக்க வேண்டும்.

ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அதை அவர் கடைசியில்தான் சொன்னார். நான்காம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் ஒரு வரி: வி.டி., 1 முறை, 9 துடிப்பு, நேரம் 6.10. முதல் பக்க முடிவு 'நார்மல்'. நான்காம் பக்கத்தில் வி.டி. அந்த இரண்டெழுத்தைப் போனில் தேடிப் பார்த்திருக்கிறார். கீழறையிலிருந்து கிளம்பும் வேகத்துடிப்பு, திடீர் மரணம் என்றெல்லாம் வந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து ஈசிஜிகளும் அதன் பிறகு எடுத்தவைதான். 'இவங்க கவனிக்காம விட்டுட்டாங்க, எனக்கு மட்டும் தெரியும்' என்று தனியே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

எடுத்த இடத்துக்குப் போன் செய்து அந்த 6.10 மணித் துண்டை அனுப்பச் சொன்னேன். வந்தது. அகலமான, வேகமான, கூர்மையான ஒன்பது அலைகள். பார்த்தவுடன் யாருக்கும் வயிறு கலங்கும்.

"காலைல 6.10க்கு என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "பல் தேய்ப்பேன். 6.15க்குப் பால் காய்ச்சணும்."

பல் தேய்க்கும் கையின் அசைவு நெஞ்சுத் தசை வழியாக ஸ்டிக்கரை ஆட்டும். ஒரு விநாடிக்கு நாலைந்து ஆட்டம். கோட்டில் அது அச்சு அசலாக வி.டி. மாதிரியே விழும். கம்ப்யூட்டர் தானாகப் பெயரிட்டுவிடும். டெக்னீஷியன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க வேண்டும். இங்கே டாக்டர் சரியாகப் பார்த்து 'நார்மல்' என்று எழுதியிருக்கிறார், ஆனால் அட்டவணையில் அந்த வரியை யாரும் அழிக்கவில்லை.

பொய்யான வி.டி.யை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த அசைவுக்குள்ளேயே இயல்பான துடிப்பின் முனைகள் ஒளிந்திருக்கும். முன்னால் இருந்த துடிப்புகளின் இடைவெளியை ஸ்கேலில் அளந்து அப்படியே முன்னே நகர்த்தினால், அதே இடைவெளியில் அதே முனைகள் கலவரத்துக்கு நடுவிலும் தலைகாட்டும். நிஜ வி.டி.யாக இருந்தால் அவை அப்படித் தடையில்லாமல் ஓடியிருக்காது. மேசை டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்து அவரிடமே கொடுத்தேன். கணக்கு டீச்சருக்கு ஸ்கேல் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. 19 மில்லிமீட்டர், 19, 19, 20, 19. ஒன்பது அலைகளுக்குள் மூன்று முனைகளை அவரே கண்டுபிடித்துப் பேனாவால் வட்டமிட்டார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பல் தேய்ச்சதுக்கா டாக்டர்?" என்றார்.

மாட்டுவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுவது

இரண்டாவது ஹோல்டர் தேவை என்று முடிவு செய்தேன். பல் துலக்கியது பயத்தில் ஒரு பாதியைத்தான் விளக்கியது. மீன் இன்னும் பிடிபடவில்லை. துள்ளல் வாரத்தில் நான்கு நாளாவது வருகிறது என்பதால் 48 மணி நேரப் பதிவில் அகப்பட நல்ல வாய்ப்பு இருந்தது.

சோதனைக்குப் பிறகு 'ஒன்றுமில்லை' என்று சொல்வதைவிட, சோதனைக்கு முன்பே 'இப்படி இப்படி வரலாம், வந்தால் இதற்கு இதுதான் பொருள்' என்று சொல்வது மனதில் நிற்கும். இது என் சொந்த ஊகம் மட்டும் அல்ல. நியூசிலாந்தில் நெஞ்சுவலியோடு டிரெட்மில் சோதனைக்கு வந்த 92 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2007இல் வெளியிட்டார்கள். நார்மல் என்று வந்தால் என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி விளக்கப்பட்டவர்களுக்கு நிம்மதி அதிகமாக இருந்தது. ஒரு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. அவர்களில் நெஞ்சுவலி நீடித்தவர்களும் குறைவு. ஒரே மெஷின், ஒரே முடிவு, சொன்ன நேரம்தான் வேறு.

ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, நீங்கள் அழுத்தும் நேரத்தில் முன்கூட்டியே வரும் ஒற்றைத் துடிப்பு இருக்கலாம். நான் எதிர்பார்ப்பது இதைத்தான். இதயம் நன்றாக உள்ளவருக்கு இது ஆபத்தில்லை. இரண்டு, இயல்பான துடிப்பே வேகமாகி இருக்கலாம். அப்படியானால் காரணத்தை ரத்தத்திலோ மனதிலோ தேடுவோம். மூன்று, அழுத்தும்போது எதுவுமே மாறாமல் இருக்கலாம். அப்படியானால் இதயம் தன் பாட்டுக்கு ஓடுகிறது, நீங்கள் அதைக் கேட்டுவிடுகிறீர்கள். நான்கு, நான் எதிர்பார்க்காத ஏதாவது வரலாம். வந்தால் மறைக்காமல் சொல்வேன், அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையும் எழுதினேன்: ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம். எக்கோ ஏற்கெனவே சரியாக எடுக்கப்பட்டிருந்தது, மறுபடி எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாட்டினோம், பள்ளி வேலை நாளில். அன்று குளித்துவிட்டு எண்ணெயோ பவுடரோ போடாமல் வரச் சொல்லியிருந்தோம். ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, லேசாகச் சொரசொரப்பான துணியால் தேய்த்தார் டெக்னீஷியன். அந்தத் தேய்ப்பைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுவார்கள், பாதி ஸ்டிக்கர்கள் ராத்திரியில் கழல்வது அதனால்தான். ஆண்களுக்கு அந்த இடத்தில் முடியையும் மழிக்க வேண்டியிருக்கும். தசைமேல் ஒட்டாமல் நெஞ்செலும்பு, விலாவெலும்புமேல் ஒட்டினால் கையசைவின் கலவரம் குறையும். ஒவ்வொரு ஒயரையும் சின்ன வளையமாகச் சுருட்டி பிளாஸ்டர் போட்டார். இழுபட்டால் வளையம் விரியும், ஸ்டிக்கர் வராது. தாலிச்சங்கிலி ஒயரோடு உரசாமல் இருக்க, அதை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்கச் சொன்னார். கழற்ற வேண்டுமா என்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த முகம் அதைக் கேட்டுத் தெளிந்தது.

மெஷின் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கழுத்தில் தொங்கும் சின்னப் பை. 'இதை வெச்சுக்கிட்டு எப்படி கிளாஸ் எடுக்கிறது' என்றார். இதைக் கண்டுபிடித்த நார்மன் ஹோல்டர் அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த இயற்பியலாளர். 1940களின் கடைசியில் அவர் முதலில் செய்த கருவி முதுகில் சுமக்கும் மூட்டை, எடை சுமார் 38 கிலோ. அதைக் கட்டிக்கொண்டு அவரே சைக்கிள் மிதித்திருக்கிறார். சொன்னதும் டீச்சர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு நாள் குளியல் இல்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். மற்றபடி சமையல், பஸ், மாடிப்படி, காபி எல்லாம் வழக்கம்போல. போனில் பேசலாம், மெஷின் இருக்கும் பைக்குள் மட்டும் அதைப் போட வேண்டாம். அரிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பின் சிவந்த வட்டங்கள் இருக்கும், சில நாளில் போய்விடும். மீன் துள்ளியதும் பொத்தானை அழுத்தி, மணி பார்த்து, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி எழுத வேண்டும். முக்கியம் அந்த வரிதான்.

412இல் நான்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். டெக்னீஷியன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்திய பதிவை நானும் முழுவதும் ஓட்டிப் பார்த்திருந்தேன். பல் தேய்த்த இரண்டு காலைகளும் இந்த முறையும் கலவரமாகத்தான் இருந்தன. கம்ப்யூட்டர் வைத்த பெயர்களை டெக்னீஷியன் அழித்திருந்தார்.

47 மணி 10 நிமிடம் தெளிவான பதிவு. மொத்தம் 2,23,480 துடிப்புகள். சராசரி நிமிடத்துக்கு 79. குறைந்தது 51, விடியற்காலை 3.40க்கு. தூக்கத்தில் இப்படி இறங்குவது நல்லது. இந்த எண்ணைப் பார்த்து 'இதயம் நின்றுபோகப் பார்த்ததா' என்று கேட்பவர்கள் உண்டு. அதிகபட்சம் 146, விடைத்தாள் கட்டோடு இரண்டாம் மாடி ஏறியபோது. முன்கூட்டியே வரும் கீழறைத் துடிப்புகள், நாங்கள் விபிசி என்று சொல்பவை, 412. எல்லாம் ஒற்றை ஒற்றையாக. தொடர்ச்சியாக எதுவும் இல்லை.

பொத்தான் ஒன்பது முறை. எண்களைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஒன்பது துண்டுகளை மட்டும் அவருடைய குறிப்புத்தாளோடு பக்கத்தில் வைத்தேன்.

'செவ்வாய் இரவு 10.50, இடது பக்கம் படுத்தேன், துள்ளல்.' துண்டில் ஒழுங்கான துடிப்புகள், ஒட்டினாற்போல் ஓர் அகலத் துடிப்பு, நீண்ட இடைவெளி, பிறகு இயல்பான துடிப்பு. முதல் நாள் அவர் பேனாவால் தட்டியது அப்படியே தாளில் இருந்தது. ஒன்பதில் நான்கு இப்படி.

என்ன நடக்கிறது என்றால், முந்திக்கொண்டு வரும் துடிப்பின்போது இதயம் இன்னும் நிரம்பியிருக்காது. அதனால் அது வெற்றுத் துடிப்பு, கையில் நாடி பிடித்தால் தெரியாமல்கூடப் போகும். பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்புகிறது. அடுத்த துடிப்பு அத்தனையையும் ஓங்கித் தள்ளுகிறது. அவர் பயந்த அந்தக் கடைசித் 'தட்' நோய்த் துடிப்பே அல்ல, இயல்பான துடிப்புதான். இடது பக்கம் படுக்கும்போது இதயத்தின் முனை நெஞ்சுச்சுவரை ஒட்டி வருவதால் அது கூடுதலாகத் தெரிகிறது.

மூன்று துண்டுகளில் இயல்பான துடிப்பே 108இலிருந்து 124 வரை மெல்ல ஏறி மெல்ல இறங்கியிருந்தது. மீதி இரண்டில் எதுவும் இல்லை. 'புதன் 2.15, ஸ்டாஃப் ரூம், வரப்போகுது மாதிரி இருந்துச்சு' என்று எழுதியிருந்தார். துடிப்பு 84, ஒரு கோணல் இல்லை.

அவர் 412 என்ற எண்ணிலேயே நின்றார். எதிர்பார்த்ததுதான். விபிசிகள் எத்தனை என்பதைத் தனியாகச் சொன்னால் யாருக்கும் பயம் வரும். தாளில் அவரே வகுத்தார், 0.18 சதவீதம். நாங்கள் இதயத்தின் பலம் குறையுமோ என்று கவலைப்படத் தொடங்குவது மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டும்போது. நல்ல இதயம் உள்ளவர்களுக்கு ஹோல்டர் மாட்டினாலும் இப்படிச் சில துடிப்புகள் சாதாரணமாகத் தெரியும்.

பிறகு அவராகவே ஒன்றைக் கேட்டார். "412 வந்திருக்கு. நான் மீன்னு அழுத்தினது நாலு தடவை. மீதி 408 வந்தப்ப எனக்கே தெரியலையா?"

"தெரியல."

"அப்ப நான் பாடம் நடத்திட்டிருந்திருப்பேன்."

"ராத்திரி தூங்கிட்டும் இருந்திருப்பீங்க."

நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அதுவரை நுனியில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஹீமோகுளோபின் 10.1. தைராய்டும் பொட்டாசியமும் சரி. இரண்டாவது வகைப் படபடப்புக்கு ரத்தசோகை ஒரு நல்ல காரணம். இரும்புச்சத்து மாத்திரை எழுதி, மாதவிலக்குக்காக மகளிர் நல மருத்துவரிடம் அனுப்பினேன். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் குறைந்த அளவில் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

இதே 'நார்மல்' வேறொருவருக்கு

இந்த நிகழ்வைப் படித்துவிட்டு யாரும் தன் ஹோல்டர் நார்மல் என்பதால் படபடப்பை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 24 வயது பைக் மெக்கானிக். அவருக்கும் மேசையில் தட்டச் சொன்னேன். தட்ட முடியவில்லை, 'அவ்வளவு வேகம் சார்' என்றார். சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கும், சுவிட்ச் அணைத்ததுபோல் நிற்கும், கழுத்தில் அடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஈசிஜி நார்மல், 24 மணி ஹோல்டர் நார்மல், 'டென்ஷன்' என்று தூக்க மாத்திரை.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதை 24 மணி நேரத்தில் பிடிக்க நினைப்பது லாட்டரி. அவருக்கு நார்மல் என்பது பதில் அல்ல, கேள்வி இன்னும் கேட்கப்படவே இல்லை. அடுத்த முறை வந்தால் எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதோ அங்கே ஓடி, மருந்து போடுவதற்கு முன் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள் என்று சீட்டு எழுதி பர்ஸில் வைக்கச் சொன்னேன். ஏழு வாரம் கழித்து வந்தார், நிமிடத்துக்கு 190 துடிப்புகளோடு ஒரு தாள். மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் இடத்தில் மின்சாரம் வட்டமடிக்கும் கோளாறு. கதீட்டர் வழியாக அந்த இடத்தைச் சுட்டுச் சரிசெய்தார்கள். அப்படி ஓடிப்போக முடியாத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஒட்டிவைக்கும் பேட்ச் இருக்கிறது. மயக்கமும் சேர்ந்து வந்தால் தோலுக்கடியில் வைக்கும் பதிவுக்கருவியும் இருக்கிறது. படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் ஹோல்டருக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் வேலையே கூடாது, நேரே எமர்ஜென்சிக்கு.

டீச்சருடைய நார்மலுக்கு அர்த்தம் இருந்தது. மீன் துள்ளிய அதே விநாடி மெஷினும் விழித்திருந்தது என்பதால்.

மூன்று மாதம் கழித்து

ஹீமோகுளோபின் 12.2. மாடி ஏறினால் வரும் வேகத்துடிப்பு குறைந்திருக்கிறது. மீன் துள்ளுகிறதா என்றேன். "துள்ளுது. வலது பக்கம் திரும்பிப் படுத்துக்கிறேன். சில நாள் திரும்பறதுக்குள்ள தூங்கிடறேன்."

பிறகு பையைத் திறந்து தயக்கத்தோடு ஒரு தாளை எடுத்து வைத்தார். ஆறாவது வாரத்தில், பள்ளியில் சக ஆசிரியர் ஒருவருக்கு மாரடைப்பு என்று கேள்விப்பட்ட ராத்திரி, ஒன்பது மணிக்குப் பக்கத்துத் தெரு லேபில் போய் ஈசிஜி எடுத்திருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. தாளைப் பார்த்தேன். துடிப்பு 96, மற்றதெல்லாம் சரி. ஓரத்தில் அவர் கையெழுத்தில் பென்சிலால் ஸ்கேல் வைத்து அளந்த எண்கள் இருந்தன.

"இதை லேமினேட் பண்ணல டாக்டர்," என்றார்.